ஹோம் அசிஸ்டென்ட் பக்கம் திறக்கவில்லையா? எந்தப் படியில் நின்றது என்று பாருங்கள்

தலவாக்கலையில் மாமா வீட்டுக்கு ராஸ்பெர்ரி பை 4 என்ற சின்னக் கணினி ஒன்று வாங்கி, வீட்டுக் கருவிகளைத் தானாக இயக்கும் ஹோம் அசிஸ்டென்ட் என்ற மென்பொருளை அதில் போட்டுக் கொடுத்தேன். வாசல் லைட் பொழுது சாயும்போது எரிய வேண்டும், தண்ணீர் டாங்கி மோட்டார் நேரத்துக்கு ஓடி நிற்க வேண்டும். அவர் கேட்டது அவ்வளவுதான். நான் இருப்பது ஹட்டனில். அதனால் பாதிப் பிழைகளைப் போனில் கேட்டுத்தான் தீர்க்க வேண்டியிருந்தது. மாமா எல்லாப் பிழைக்கும் ஒரே வாக்கியம்தான் வைத்திருந்தார்: "பக்கம் திறக்க மாட்டேங்குது, மருமகன்."

அந்த ஒரு வாக்கியத்துக்குள் நான்கைந்து வெவ்வேறு கோளாறுகள் ஒளிந்திருக்கலாம். கரண்ட் சரியாகப் போக வேண்டும், மெமரி கார்டைப் படிக்க வேண்டும், ரவுட்டர் முகவரி கொடுக்க வேண்டும், இணையத்திலிருந்து மீதிப் பாகங்களை இறக்க வேண்டும். அதற்குப் பிறகுதான் பக்கம் திறக்கும். இதில் எந்தப் படியில் நின்றது என்று தெரியாமல் கார்டைத் திரும்பத் திரும்ப எழுதிக்கொண்டிருந்தால் நாள்தான் போகும். கீழே உள்ளவை பை 4ஐ மனதில் வைத்து எழுதியவை. முதல் முறை வைஃபை வேண்டாம், ஒரு நெட்வொர்க் வயரால் ரவுட்டரோடு நேராக இணையுங்கள்.

பச்சை லைட் மினுக்கவே இல்லை

பையில் இரண்டு சின்ன லைட்டுகள் உண்டு. சிவப்பு கரண்டுக்கு, பச்சை கார்டைப் படிக்கும்போது. சிவப்பு எரிந்து, பச்சை ஒழுங்கில்லாமல் படபடவென்று மினுக்கினால் கார்டைப் படிக்கிறது, இந்தப் பகுதியைத் தாண்டிப் போகலாம். பச்சை அசையவே இல்லை, அல்லது ஒரே தாளத்தில் சில தடவை மினுக்கி நின்று மறுபடி அதையே செய்கிறது என்றால் அனேகமாகக் கார்டில் கோளாறு.

பெரும்பாலும் காரணம் இதுதான். கணினியில் ஓடும் ராஸ்பெர்ரி பை இமேஜர் என்ற நிரல் மென்பொருளைக் கார்டில் எழுதி முடித்ததும், விண்டோஸ் அந்தக் கார்டைப் பார்த்துவிட்டு இதைப் படிக்க முடியவில்லை, ஃபார்மட் செய்யட்டுமா என்று கேட்கும். கார்டில் உள்ள பகுதிகள் லினக்ஸுக்கானவை, விண்டோஸுக்குப் புரியாது. அதனால்தான் கேட்கிறது. அங்கே சரி என்று அழுத்தினால் எழுதியதில் ஒரு பகுதி போய்விடும். மாமாவின் மகள் உதவி செய்கிறேன் என்று அதைத்தான் செய்திருந்தாள். ரத்து செய்துவிட்டுக் கார்டைக் கழற்றினால் போதும். ஏற்கெனவே அழுத்திவிட்டீர்கள் என்றால் மறுபடி எழுதுங்கள். இன்னும் எதுவும் சேமிக்கவில்லை, ஆகவே நட்டமும் இல்லை.

இமேஜரில் எதைத் தேர்ந்தெடுக்கிறோம் என்பதும் முக்கியம். `Other specific-purpose OS` என்பதற்குள் `Home assistants and home automation` இருக்கும், அதற்குள்தான் `Home Assistant`. வெறும் `Raspberry Pi OS` எழுதிவிட்டால் பச்சை லைட் அழகாக மினுக்கும், ஆனால் எத்தனை மணி நேரம் காத்திருந்தாலும் நமக்கு வேண்டிய பக்கம் வராது. இமேஜரில் வைஃபை பெயரையும் கடவுச்சொல்லையும் கொடுக்கும் இடம் ஒன்று உண்டு. அது ஹோம் அசிஸ்டென்டுக்கு வேலை செய்யாது. வயரில் தொடங்கச் சொன்னதற்கு அதுவும் ஒரு காரணம்.

சிவப்பு லைட் விட்டுவிட்டு எரிகிறது, அல்லது தானாக நின்று தொடங்குகிறது

பைக்குள் வரும் மின்னழுத்தம் 4.63 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால் சிவப்பு லைட் அணைந்துவிடும். ஏறினால் மறுபடி எரியும். அதாவது அந்த லைட் விட்டுவிட்டு எரிந்தால் போதிய கரண்ட் இல்லை என்று பொருள்.

எங்கள் பக்கத்தில் இதைக் கேட்டவுடன் "பின்னேரம் லைன்ல வோல்ட்டேஜ் கம்மி, அதான்" என்று சொல்லிவிடுவார்கள். பல்பு மங்குவதை எல்லோரும் பார்த்திருக்கிறோம், அதனால் அப்படித் தோன்றுவது இயல்பு. ஆனால் இப்போதைய சார்ஜர்களில் பெரும்பாலானவை 100 முதல் 240 வோல்ட் வரை எது வந்தாலும் வாங்கிக்கொள்ளும். சார்ஜரின் உடம்பிலேயே அது அச்சிட்டிருக்கும். 230 வர வேண்டிய இடத்தில் 180 வந்தாலும் அது 5 வோல்ட்டைத்தான் வெளியே தரும். கோளாறு அனேகமாகச் சார்ஜருக்கும் பைக்கும் நடுவில் இருக்கிறது: பழைய போன் சார்ஜர், அல்லது நீளமான மெல்லிய வயர். பை 4க்கு 5 வோல்ட்டில் 3 ஆம்பியர் வேண்டும். போன் சார்ஜர்கள் பலவும் 5 வோல்ட்டில் 2 ஆம்பியரோடு நின்றுவிடும். வேகமாகச் சார்ஜ் செய்யும் என்று பெரிய வாட் கணக்குப் போட்டிருப்பதைப் பார்த்து ஏமாறவும் வேண்டாம். அந்தக் கணக்கு 9 அல்லது 12 வோல்ட்டுக்கானது, பை கேட்பது 5 மட்டும்.

நான் மாமா வீட்டுக்கு வாங்கிய சார்ஜரில் 3 ஆம்பியர் என்று ஸ்டிக்கர் இருந்தது. சும்மா நிற்கும்போது ஒழுங்காக இருந்தது, கார்டில் நிறைய எழுதத் தொடங்கும்போது சிவப்பு லைட் துடித்தது. வயர் பிரிக்க முடியாதபடி பைக்கென்றே செய்த சார்ஜரை மாற்றியபின் அந்தத் துடிப்பு வரவில்லை. இதில் மிச்சம் பிடிக்க வேண்டாம். குறைந்த கரண்டில் ஓடும் பை உடனே செத்துவிடாது. ஒரு மாதம் கழித்துக் கார்டைக் கெடுக்கும், அப்போது யாருக்கும் சார்ஜர் மேல் சந்தேகம் வராது.

லைட் எல்லாம் சரி, பக்கம் மட்டும் திறக்கவில்லை

இதில்தான் புதியவர்கள் அதிக நேரம் சிக்கிக்கொள்வார்கள், எனவே கொஞ்சம் மெதுவாகப் போவோம்.

கரண்ட் கொடுத்து ஐந்து நிமிடம் விடுங்கள். பிறகு போனிலோ கணினியிலோ முகவரிப் பட்டையில் இதை முழுதாகத் தட்டுங்கள்:

```
http://homeassistant.local:8123
```

முன்னால் `http` என்று இருக்க வேண்டும். இதைக் கவனமாகப் பாருங்கள், ஏனென்றால் பிரவுசர்கள் இப்போது நம்மைக் கேட்காமலே `https` என்று மாற்றிவிடுகின்றன. ஹோம் அசிஸ்டென்டில் ஆரம்பத்தில் அந்தப் பூட்டு கிடையாது, ஆகவே "பாதுகாப்பான இணைப்பைத் தர முடியவில்லை" என்ற மாதிரி ஒரு பிழை வரும். அந்த வாசகம் வந்தால் பை வேலை செய்கிறது, முகவரிதான் தப்பு. கடைசியில் உள்ள `:8123` விட்டுப்போனாலும் திறக்காது.

அது சரியாக இருந்தும் திறக்கவில்லையா? `.local` என்ற பெயரைப் பழைய ஆண்ட்ராய்டு போன்கள் புரிந்துகொள்வதில்லை. அப்போது பெயரை விட்டுவிட்டு ஐ.பி. முகவரியைத் தேட வேண்டும். ரவுட்டரின் அடியில் ஒட்டியிருக்கும் முகவரியையும் கடவுச்சொல்லையும் வைத்து ரவுட்டருக்குள் போனால், இணைந்திருக்கும் கருவிகளின் பட்டியல் ஒன்று இருக்கும். அதில் `homeassistant` என்று ஒரு வரி தெரிய வேண்டும். பெயர் தெரியாவிட்டாலும் `dc:a6:32` அல்லது `e4:5f:01` என்று தொடங்கும் வரியைப் பாருங்கள். ராஸ்பெர்ரி பையின் நெட்வொர்க் எண்கள் பல அப்படித் தொடங்கும். மாமா வீட்டில் அது `192.168.1.105` என்று இருந்தது. அதனால் தட்ட வேண்டியது `http://192.168.1.105:8123`.

பட்டியலில் பையே இல்லை என்றால் நெட்வொர்க் வயரைப் பாருங்கள். வயர் செருகும் இடத்தில் இரண்டு குட்டி லைட்டுகள் எரிய வேண்டும். எரியாவிட்டால் வயரையோ ரவுட்டரின் ஓட்டையையோ மாற்றிப் பாருங்கள். சிம் போடும் ரவுட்டர்கள் சிலவற்றில் ஒரு ஓட்டை வெளி இணைப்புக்கென்று ஒதுக்கியிருக்கும், அதில் செருகினால் பைக்கு முகவரி கிடைக்காது.

பட்டியலில் பை இருக்கிறது, முகவரியும் சரி, அப்படியும் போனில் திறக்கவில்லை என்றால் போனைச் சந்தேகப்படுங்கள். மொபைல் டேட்டாவை நிறுத்திவிட்டு வைஃபையில் மட்டும் முயலுங்கள். விருந்தினருக்கென்று தனிப் பெயரில் இருக்கும் வைஃபையில் இருந்தாலும் திறக்காது, ஏனென்றால் அது வீட்டுக் கருவிகளைப் பார்க்க விடாமல் தடுக்கவே செய்யப்பட்டது.

கடைசியாக இன்னொரு கதவு இருக்கிறது. அதே ஐ.பி. முகவரியில் 8123க்குப் பதிலாக 4357 என்று போட்டுப் பாருங்கள். `Supervisor` என்ற வரியில் `Connected` என்று காட்டினால், கரண்டும் கார்டும் நெட்வொர்க்கும் சரி. மேலே ஓடவேண்டிய முக்கிய நிரல் மட்டும்தான் இன்னும் எழும்பவில்லை. இந்த ஒரு பக்கத்தைத் தெரிந்து வைத்திருந்ததால் எனக்கு இரண்டு தடவை பஸ் காசு மிச்சம்.

பக்கம் திறந்தது, ஆனால் Preparing Home Assistant என்று அப்படியே நிற்கிறது

இது பிழையே அல்லாமலும் இருக்கலாம். கார்டில் நாம் எழுதியது முழு மென்பொருள் அல்ல. முதல் முறை இயங்கும்போது மீதியை இணையத்திலிருந்து இறக்கிக்கொள்ளும், அது பல நூறு எம்.பி. நல்ல இணைப்பில் 20 நிமிடம். மலையில் சிம் ரவுட்டரில், எல்லோரும் வீட்டுக்கு வந்து நாடகம் பார்க்கும் இரவு எட்டு மணிக்கு, இரண்டு மணி நேரம்கூட ஆகலாம். நான் விடியற்காலையில் வைக்கச் சொல்வேன். பொறுமை இழந்து கரண்டைப் பிடுங்க வேண்டாம். எழுதிக்கொண்டிருக்கும்போது பிடுங்கினால் கார்டு குழம்பும், மறுபடி முதலிலிருந்து.

இரண்டு மணி நேரம் தாண்டியும் நின்றால், அதே வைஃபையில் உள்ள போனில் மொபைல் டேட்டாவை நிறுத்திவிட்டு, இதுவரை போகாத ஏதாவது ஒரு தளத்தைத் திறந்து பாருங்கள். மாமா வீட்டில் அன்றைக்கு இதுதான் நடந்தது. ரவுட்டரில் எல்லா லைட்டும் எரிந்தன, போனிலும் வைஃபை முழுதாகக் காட்டியது. ஆனால் டேட்டா பொதியில் பகல் பங்கு முடிந்து, இரவுப் பங்கு மட்டும் மிச்சம் இருந்தது. பகல் முழுக்கப் பை காத்துக்கொண்டிருந்திருக்கிறது. நடுநிசிக்கு மேல் தானாகவே இறக்கி முடித்துவிட்டது. காலையில் மாமா எழும்பிப் பார்த்தபோது கணக்குத் தொடங்கும் பக்கம் தயாராக நின்றது. "நீ ராத்திரி என்ன செஞ்ச?" என்று கேட்டார். நான் தூங்கினேன்.

போனில் தளம் திறக்கிறது, பைக்கு மட்டும் இணையம் போகவில்லை என்றால் ஒரு திரையும் கீபோர்டும் வேண்டும். டிவி இருந்தால் போதும், ஆனால் பை 4க்குச் சின்ன முனையுள்ள எச்.டி.எம்.ஐ. வயர் வேண்டும், சார்ஜர் ஓட்டைக்குப் பக்கத்தில் உள்ள முதல் ஓட்டையில் செருகுங்கள். திரையில் `ha >` என்று நிற்கும். அங்கே `ha` என்பதை மறுபடி தட்டத் தேவையில்லை, `network info` என்று மட்டும் தட்டினாலே போதும்.

வரும் பதிலில் `host_internet`, `supervisor_internet` என்ற இரண்டு வரிகளைத் தேடுங்கள். இரண்டும் `true` என்றால் இணைப்பு சரி, வேகம்தான் குறைவு, காத்திருங்கள். `false` என்று இருந்து போனில் மட்டும் இணையம் வேலை செய்தால், தளப் பெயர்களை முகவரியாக மாற்றித் தரும் ரவுட்டரின் சேவை சரியில்லாமல் இருக்கலாம். அதற்கு வேறொன்றைக் கொடுத்துப் பாருங்கள்:

```
dns options --servers dns://1.1.1.1
dns restart
```

அண்மைய பதிப்புகளில் இணையச் சிக்கலைக் கண்டுபிடித்தால் காத்திருக்கும் பக்கத்திலேயே இதை மாற்ற ஒரு பொத்தான் வரும். அது வந்தால் டிவியைக் கழற்றிக்கொண்டு வர வேண்டியதில்லை.

நேற்று வரை ஓடியது, கரண்ட் போய் வந்தபின் பக்கம் இல்லை

மலைநாட்டில் இதுதான் நாளாந்தப் பிழை. மழையில் ஒரு மரக்கிளை லைனில் விழுந்தால் போதும். மாமா வீட்டில் ஒரு மாலையில் போன கரண்ட் மூன்று மணி நேரம் கழித்து வந்தது. மறுபடி அதே வாக்கியம், பக்கம் திறக்க மாட்டேங்குது. மாமாவின் மகளை ரவுட்டர் பட்டியலைப் பார்க்கச் சொன்னேன். பை `192.168.1.102`க்கு மாறியிருந்தது. போனில் சேமித்திருந்த பழைய முகவரியை மாமா அழுத்திக்கொண்டே இருந்திருக்கிறார். ரவுட்டர் அணைந்து எழும்பும்போது யார் முதலில் கேட்கிறார்களோ அவர்களுக்கு எண்ணைக் கொடுத்துக்கொண்டு போகும், அவ்வளவுதான். ரவுட்டரில் முகவரி ஒதுக்கும் பகுதிக்குப் போய், பையின் நெட்வொர்க் எண்ணுக்கு ஒரே முகவரியை நிரந்தரமாகக் கட்டிவைத்தால் இது திரும்ப வராது. முதல் நாளே நான் செய்திருக்க வேண்டியது.

அன்றைக்கு இன்னொன்றும் நடந்தது. கரண்ட் வந்தும் ரவுட்டருக்கு சிக்னல் வரத் தாமதமானது. வாசல் லைட் ஆறேகாலுக்கு எரிய வேண்டியது, ஒன்பது மணிக்கு மேல் எரிந்தது. பை 4க்குள் நேரத்தைப் பிடித்துவைக்கும் பேட்டரி கிடையாது. அணைவதற்கு முன் கடைசியாகப் பதிந்த நேரத்திலிருந்து எண்ணத் தொடங்கி, இணையம் கிடைத்ததும் சரியான நேரத்தைக் கேட்டுத் திருத்திக்கொள்ளும். இணையம் வரும்வரை, கரண்ட் இல்லாத அந்த மூன்று மணி நேரம் அதன் கணக்கில் கடந்துபோகவே இல்லை. ஆகவே வேலைகள் தப்பான நேரத்தில் நடந்தால் உங்கள் விதிகளைத் திருத்தப் போகாதீர்கள், முதலில் இணையம் வந்துவிட்டதா என்று பாருங்கள். நேரம் எப்போதுமே ஐந்தரை மணி தள்ளி இருந்தால் அது வேறு விஷயம்: அமைப்புகளில் நேர மண்டலம் `Asia/Colombo` என்று இல்லை.

பக்கம் திறக்கிறது, ஆனால் பழைய வரைபடங்கள் எல்லாம் வெறுமையாக இருக்கின்றன என்றால், வரலாறு பதியும் கோப்பு கரண்ட் போனதில் கெட்டிருக்கிறது. ஹோம் அசிஸ்டென்ட் கெட்ட கோப்பை ஒதுக்கிவைத்துவிட்டுப் புதியதைத் தொடங்கியிருக்கும். உங்கள் விதிகளும் கருவிகளும் வேறு கோப்புகளில் இருப்பதால் அப்படியே இருக்கும். இது அடிக்கடி நடந்தால் கார்டில் எழுதுவதைக் குறையுங்கள். `configuration.yaml` கோப்பில் இந்த மூன்று வரிகளைச் சேர்த்து மறுபடி தொடங்குங்கள்:

```
recorder:
  commit_interval: 30
  purge_keep_days: 5
```

சாதாரணமாக 5 வினாடிக்கு ஒரு தடவை எழுதுவதை இது 30 வினாடியாக்கும், 10 நாள் வைத்திருப்பதை 5 நாளாக்கும். தள்ளிவைத்த இடைவெளிகளைக் கவனியுங்கள், `recorder` வரியைவிட அடுத்த இரண்டும் உள்ளே தள்ளி இருக்க வேண்டும்.

பச்சை லைட்டே வராமல் போனால் கார்டு போய்விட்டது. புதுக் கார்டில் எழுதி, முதல் பக்கத்தில் கணக்குத் தொடங்குவதற்குப் பதிலாகப் பழைய காப்பிலிருந்து மீட்கும் வழியைத் தேர்ந்தெடுக்கலாம். அதற்குக் காப்பு வேறு இடத்தில் இருக்க வேண்டும். `Settings`, `System`, `Backups` என்று போனால் காப்பு எடுக்கலாம், ஆனால் சொல்லாவிட்டால் அது அதே கார்டில்தான் போய் உட்காரும். போனிலோ கணினியிலோ இறக்கி வையுங்கள். கூடவே அது தரும் மறைகுறியீட்டுச் சாவியையும் ஒரு தாளில் எழுதி வையுங்கள். சாவி இல்லாமல் அந்தக் காப்பைத் திறக்க முடியாது.

2022இல் நாடு முழுக்க மணிக்கணக்கில் கரண்ட் வெட்டியபோது ரவுட்டருக்கென்று சின்னச் சின்ன யூ.பி.எஸ். பெட்டிகள் கடைகளில் நிறைந்தன. மாமா வீட்டிலும் ஒன்று இருக்கிறது, அதை ரவுட்டரில் மாட்டியாயிற்று. பையை அதில் மாட்டச் சொல்லிக் கேட்டார். அப்படிப்பட்ட பெட்டிகளில் 5 வோல்ட் ஓட்டை பெரும்பாலும் 2 ஆம்பியர்தான் தரும், மறுபடி சிவப்பு லைட் துடிக்கும். பவர் பேங்கும் சரிப்படவில்லை. கரண்ட் போகும் கணத்தில் அது அரை வினாடி அணைந்து எழும்பியது, பையும் கூடவே அணைந்தது. கடைசியில் கணினிக்கு வைக்கும் சாதாரண யூ.பி.எஸ். ஒன்றை வைத்து, பையின் சார்ஜரை அதில் செருகினோம். அதற்குப் பிறகும் மாமா போன் எடுத்தார். இந்தத் தடவை பக்கம் திறக்கிறதாம், மோட்டார்தான் ஓடவில்லையாம். கரண்ட் இல்லாதபோது மோட்டார் எப்படி மாமா ஓடும் என்று கேட்டேன்.